ஒரே கமிட்டில் நான்கு வேலை

கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிற ஒரு சிறு நிறுவனம் கோவையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன இளைஞர் ஒருவர், தான் முடித்த வேலையை ரிவியூவுக்கு அனுப்புகிறார். தலைப்பு `bill fix + cleanup`. மொத்தம் 43 ஃபைல்களில் 1,340 வரிகள் மாறியிருக்கின்றன. அதைத் திறந்து பார்த்த மூத்த டெவலப்பர் எழுதிய பதில் இது:

"தம்பி, வரிக் கணக்குல நீங்க செஞ்ச திருத்தம் சரிதானுங்க. ஆனா மொத்தத்தையும் இப்படியே சேர்க்க முடியாது. இதுக்குள்ள நாலு வேலை இருக்கு. வரித் திருத்தம் ஒண்ணு, பிளாக் ஓட்டுனது ஒண்ணு, `calc`-க்குப் பேரு மாத்துனது ஒண்ணு, பிடிஎஃப் லைப்ரரிய புது வெர்ஷனுக்குக் கொண்டு போனது ஒண்ணு. நாலையும் தனித்தனியா அனுப்புங்க. வரித் திருத்தம் முதல்ல வரட்டும், அது இன்னைக்கே கடைக்குப் போகணும். பிளாக் ஓட்டுற கமிட்ல கையால ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க. அப்புறம் `pricing.py`-ல மொத்த விலைக்கான நிபந்தனை மாறியிருக்கு, அது தெரிஞ்சு செஞ்சதா? பிரிக்கறதுல சிக்கல் வந்தா சொல்லுங்க, சேர்ந்து உக்காந்து பிரிக்கலாம்."

மென்பொருள் துறையில் தினமும் எழுதப்படும் குறிப்புதான். வாங்கிக்கொள்ளும் புதியவருக்கோ பெரும்பாலும் வருத்தமாக இருக்கும். வேலை சரியாகத்தானே ஓடுகிறது, டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகிறதே, பிறகு எதற்கு நான்காக உடைக்கச் சொல்கிறார்கள் என்று தோன்றும். நான் பல ஆண்டுகளாக மற்றவர்களின் கோடைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டியது ரிவியூ செய்பவரின் கடமை என்றே நினைக்கிறேன்.

கமிட் என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். பலர் சேர்ந்து எழுதும் மென்பொருளில் யார், எப்போது, எதை, எதற்காக மாற்றினார்கள் என்ற வரலாற்றைக் காப்பாற்ற ஒரு கருவி வேண்டும். இன்று பெரும்பாலானோர் பயன்படுத்துவது கிட். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது. அதில் பதியப்படும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட். கடையின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பதிவு எப்படியோ, அப்படி. பால் பாக்கி, கரண்ட் பில், பள்ளிக் கட்டணம் மூன்றையும் கூட்டி ஒரே வரியில் எழுதி வைத்தாலும் கூட்டல் தப்பாகாது. பிறகு பால்காரர் வந்து கணக்குக் கேட்டால்தான் திணற வேண்டியிருக்கும்.

நம் இளைஞரின் கமிட்டுக்கு வருவோம். அவரிடம் கொடுத்த வேலை ஒன்றுதான். தள்ளுபடி உள்ள பில்களில் வரி கூடுதலாக விழுகிறது என்று ஒரு கடைக்காரர் புகார் சொல்லியிருந்தார். பில்லிலேயே காட்டிக் கொடுக்கும் தள்ளுபடியைக் கழித்துவிட்டு மீதித் தொகைக்குத்தான் ஜிஎஸ்டி போட வேண்டும். சிஜிஎஸ்டி சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்வது அது. 1,000 ரூபாய்ப் பொருளுக்கு 100 ரூபாய் தள்ளுபடி, 18 சதவீத வரி என்றால், 900-க்கு 162 ரூபாய் வரி சேர்த்து பில் 1,062 வர வேண்டும். மென்பொருளோ 1,000-க்கு 180 ரூபாய் வரி கணக்கிட்டு, 1,080 என்று அச்சடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பில்லிலும் வாடிக்கையாளரிடம் 18 ரூபாய் அதிகம். இதற்கான திருத்தம் ஒரே வரி:

```
-    tax = price * rate / 100
+    tax = (price - discount) * rate / 100
```

மைனஸ் குறி போட்டது பழைய வரி, பிளஸ் போட்டது புதியது. ரிவியூ செய்பவர் பார்ப்பது இப்படித்தான்.

மற்ற 1,300-க்கும் மேற்பட்ட வரிகள் எங்கிருந்து வந்தன? அவர் சோம்பலாலோ அலட்சியத்தாலோ செய்யவில்லை. இதைப் பல சீனியர்கள் மறந்துவிடுகிறார்கள். ஃபைலைத் திறந்தபோது `calc` என்ற பெயர் எதைக் கணக்கிடுகிறது என்றே புரியவில்லை, `calculate_tax` என்று மாற்றினார். பத்துப் பன்னிரண்டு ஃபைல்களில் அதைக் கூப்பிடும் இடங்களும் மாறின. கோடின் இடைவெளி, மேற்கோள் குறி எல்லாவற்றையும் ஒரே சீராக்கும் பிளாக் என்ற கருவியை எடிட்டரில் போட்டிருந்தார். அது ஃபைலைச் சேமிக்கும்போதெல்லாம் தானாக ஓடி, தொட்ட ஃபைல் அத்தனையையும் அடுக்கிவைத்தது. பில்லை அச்சடிக்கும் பிடிஎஃப் லைப்ரரி பழையதாகிவிட்டது என்ற எச்சரிக்கை திரையில் வந்துகொண்டே இருந்ததால் அதையும் புதுப்பித்தார். கடைசியில் `git add .` என்று அடித்தார். அந்தப் புள்ளிதான் இந்தக் கதையின் மையம். மாறிய எல்லாவற்றையும் வாரி எடுத்து ஒரே மூட்டையில் போடச் சொல்லும் கட்டளை அது. கிட்டை முதலில் கற்றுத்தரும் பாடங்கள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகின்றன.

இப்போது ரிவியூ செய்பவரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். திரையில் நூற்றுக்கணக்கான வரிகளில் ஒற்றை மேற்கோள் இரட்டை மேற்கோளாகியிருக்கிறது. முதல் ஐம்பது வரியைக் கவனமாகப் படிப்பீர்கள். எல்லாம் அலங்கார மாற்றம் என்று கண் தீர்மானித்துவிடும். அதற்குப் பிறகு விரல்தான் உருட்டிக்கொண்டிருக்கும், மனம் படிக்காது. எங்கோ எழுநூறாவது வரியில் இது வருகிறது:

```
-    if qty >= 10 and ctype == 'wholesale':
+    if qty > 10 and ctype == "wholesale":
```

மேற்கோள் குறி மாறியது மட்டும் கண்ணில் படும். அதே வரியில் `>=` என்பது `>` ஆகிவிட்டதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? முன்பு 10 உருப்படி வாங்கிய மொத்த வியாபாரிக்கு மொத்த விலை கிடைத்தது. இனி 11 வாங்கினால்தான் கிடைக்கும். அந்த `if` கட்டத்தை எளிதாக்குவதாக நினைத்துத் திருத்தி எழுதும்போது ஒரு குறி விடுபட்டுவிட்டது. பத்து உருப்படிக்கான டெஸ்ட் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை, அதனால் டெஸ்ட்டும் பாஸ் ஆனது.

நம் ரிவியூவர் இதைக் கண்டுபிடித்தது கூர்மையான கண்ணால் அல்ல. பழைய கோடைத் தன் கணினியில் எடுத்து, அதன் மேல் தானே பிளாக்கை ஓட்டினார். கிடைத்ததை இளைஞர் அனுப்பியதோடு ஒப்பிட்டார். பிளாக் கோடின் தோற்றத்தை மட்டும்தான் மாற்றும்; முன்னும் பின்னும் நிரலின் பொருள் ஒன்றுதானா என்று தானே சரிபார்த்துக்கொள்ளவும் செய்யும். எனவே அது செய்த மாற்றங்கள் எல்லாம் இரு பக்கமும் ஒன்றாகிக் கழிந்துபோயின. பெயர் மாற்றமும் லைப்ரரி மாற்றமும் போக மிஞ்சியது இரண்டே இடம். ஒன்று வரித் திருத்தம். மற்றொன்று இந்த `>`. அதாவது, அனுப்பியவர் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டியதைப் பார்ப்பவர் தன் நேரத்தில் பிரித்துக்கொண்டார். எல்லா ரிவியூவரும் இவ்வளவு மெனக்கெடுவார்கள் என்று நம்பியிருக்க முடியாது. பெரிய கமிட்டுக்குப் பெரும்பாலும் கிடைப்பது `LGTM` என்ற நான்கெழுத்து ஒப்புதல்தான். சிறிய கமிட்டில் பத்துக் கேள்வி கேட்பவர்களே பெரிய கமிட்டில் ஒன்றும் கேட்காமல் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதைப் பற்றி அளந்து பார்த்தவர்களும் உண்டு. சிஸ்கோ நிறுவனத்தில் நடந்த சுமார் 2,500 ரிவியூக்களை ஸ்மார்ட்பேர் நிறுவனம் ஆராய்ந்து 2006-இல் சொன்னது, ஒரு தடவைக்கு 200 முதல் 400 வரி வரை பார்ப்பதே நல்லது என்பது. அதற்கு மேல் போனால் குறைகளைக் கண்டுபிடிக்கும் திறன் சரிகிறது. கூகுள் தன் பொறியாளர்களுக்காக எழுதி வெளியிட்டிருக்கும் வழிகாட்டியில், 100 வரி பொதுவாகச் சரியான அளவு, 1,000 வரி பொதுவாக மிகப் பெரிது என்று இருக்கிறது. பெரிதாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மாற்றத்தைத் திருப்பி அனுப்பும் உரிமை ரிவியூவருக்கு உண்டு என்றும் அது சொல்கிறது. ஆக, நம் இளைஞருக்கு வந்த குறிப்பு ஒரு தனி மனிதரின் கண்டிப்பு அல்ல.

ரிவியூவோடு விஷயம் முடிந்துவிட்டால்கூடப் பரவாயில்லை. கலந்த கமிட்டின் உண்மையான தொல்லை அது கடைகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. யாரும் கவனிக்காமல் இந்தக் கமிட் சேர்க்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை கடைகளிலிருந்து போன் வருகிறது. பில்லில் ₹ குறி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் அச்சாகிறது. புதிய லைப்ரரி வேறொரு எழுத்துருவை எடுத்துக்கொண்டது, அந்த எழுத்துருவில் ₹ இல்லை. ரூபாய்க் குறி யூனிகோடில் சேர்ந்ததே 2010-இல்தான், அதற்கு முன் செய்த பல எழுத்துருக்களில் அது கிடையாது. இந்த வகைக் கோளாறு அடிக்கடி வருவதுதான்.

அவசரத்துக்குக் கைவசம் உள்ள மருந்து `git revert`. ஒரு கமிட் செய்ததை அப்படியே திருப்பிப் போடும் கட்டளை. லைப்ரரி மாற்றம் தனிக் கமிட்டாக இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. இங்கே அதை ஓட்டினால் லைப்ரரியோடு வரித் திருத்தமும் திரும்பிப் போய்விடும். ₹ குறி சரியாகும், ஆனால் 18 ரூபாய் மறுபடியும் கூடும். எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது? கடைகளில் வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்க, 1,340 வரியிலிருந்து லைப்ரரி சம்பந்தப்பட்டதை மட்டும் கையால் பொறுக்க வேண்டும். அவசரத்தில் பொறுக்கும்போது இன்னொரு தப்பு நுழையவே வாய்ப்பு அதிகம்.

மொத்த விலைக் குறையோ இன்னும் மோசம். அது உடனே வெளியே தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு வியாபாரி பழைய பில்லையும் புதிய பில்லையும் வைத்துக்கொண்டு கேட்பார். அதற்குள் 500 கமிட் சேர்ந்திருக்கும். எந்தக் கமிட்டில் கெட்டது என்று தேட `git bisect` இருக்கிறது. நடுவில் உள்ள கமிட்டை எடுத்துச் சோதி, சரியாக இருந்தால் பின்பாதி, இல்லையென்றால் முன்பாதி என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகும். 500 கமிட்டில் ஒன்றைப் பிடிக்க ஒன்பது சோதனை போதும். அருமையான கருவி, ஆனால் அது கமிட்டைத்தான் காட்டும், வரியைக் காட்டாது. ஒன்பதாவது சோதனை முடிந்து `bill fix + cleanup` என்று அது கைகாட்டியதும், 43 ஃபைல்களில் எங்கே என்ற தேடல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். லினக்ஸ் கர்னலின் விதிமுறை இரண்டு விஷயங்களில் கறாராக இருப்பது இதனால்தான். ஒரு தர்க்கரீதியான மாற்றத்துக்கு ஒரு பேட்ச். வரிசையில் எந்தப் பேட்ச்சில் நிறுத்தினாலும் கர்னல் பில்ட் ஆக வேண்டும், ஓட வேண்டும்.

சரி, பிரிப்பது எப்படி? "சரிங்க்கா, பிரிச்சிடறேன். ஆனா எங்க தொடங்கறதுன்னே தெரியலைங்க்கா" என்பார் நம் இளைஞர். நியாயமான தயக்கம். இணையத்தில் தேடினால் `git add -p` என்ற கட்டளையைச் சொல்வார்கள். அது மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி, இதைச் சேர்க்கவா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கும். வேலைகள் வேறு வேறு இடங்களில் இருந்தால் அதுவே போதும். ஆனால் ஒரே வரியில் பிளாக்கின் மாற்றமும் கை மாற்றமும் பின்னிக் கிடக்கும்போது அதைக் கொண்டு பிரிப்பது நரக வேதனை. அதைவிட எளிய வழி, இருப்பதைப் பத்திரப்படுத்திவிட்டு, முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்வது.

```
git branch backup
git switch -c tax-fix main
```

முதல் வரி, செய்து முடித்த வேலைக்கு `backup` என்று பெயர் வைத்து ஒதுக்குகிறது. இனி என்ன நடந்தாலும் எதுவும் தொலையாது. இந்த நிம்மதி புதியவருக்கு மிக அவசியம். இரண்டாவது, யாரும் தொடாத மூலக் கோடிலிருந்து ஒரு புதிய பிராஞ்ச்சைத் தொடங்குகிறது. எடிட்டர் தானாக அடுக்கிவைப்பதை நிறுத்திவிட்டு, வரிக் கணக்கின் அந்த ஒரே வரியைத் திரும்ப டைப் செய்ய வேண்டும். தள்ளுபடி பில்லுக்கு 1,062 வருகிறதா என்று ஒரு டெஸ்ட்டும் எழுத வேண்டும். `git diff` போட்டால் இந்த ஒரு வேலை மட்டும் தெரியும். கமிட். இது முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. பிளாக்கை முன்னால் வைத்தால், கடைகளில் ஓடும் பழைய வெர்ஷனுக்கு இந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் போவது கடினமாகிவிடும்.

அடுத்தது பிளாக்:

```
black .
git commit -am "Run black, no manual edits"
```

நூற்றுக்கணக்கான வரி மாறும், ஆனாலும் இதை யாரும் வரி வரியாகப் படிக்க வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் ரிவியூவர் முந்தைய கமிட்டில் அதே கட்டளையை ஓட்டிப் பார்த்து, அதே விளைவு வருகிறதா என்று சரிபார்த்தால் போதும். "கையால ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க" என்று அவர் சொன்னதன் பொருள் இதுதான். இன்னொரு பலனும் இருக்கிறது. `git blame` என்ற கட்டளை ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார், எந்தக் கமிட் என்று காட்டும். பிளாக் ஓட்டிய பிறகு மாறிய வரிகளிலெல்லாம் நம் இளைஞர் பெயரே வரும், அந்த வரியை உண்மையில் எழுதியவர் எதற்காக எழுதினார் என்பது மறைந்துவிடும். குறிப்பிட்ட கமிட்டை மட்டும் கணக்கில் எடுக்காதே என்று சொல்லும் வசதி 2019-இல் வந்த கிட் 2.23-இலிருந்து இருக்கிறது. பிளாக் தனிக் கமிட்டாக இருந்தால்தான் அப்படி ஒதுக்க முடியும்.

பெயர் மாற்றம் மூன்றாவது, லைப்ரரி நான்காவது. நான்கும் முடிந்ததும் `git diff backup` என்று அடித்துப் பார்க்க வேண்டும். ஒதுக்கி வைத்ததற்கும் இப்போது இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதில் வரும். புதிதாக எழுதிய டெஸ்ட்டை விட்டுவிட்டால், மிஞ்ச வேண்டியது ஒரே ஒரு வரி. `>` என்றிருந்தது மறுபடியும் `>=` ஆகியிருக்கும். வேறு எதுவும் வந்தால், எதையோ விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

அனுப்பும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கிட்ஹப்பில் பல குழுக்கள் `Squash and merge` என்ற பொத்தானை வைத்திருக்கின்றன. ஒரு புல் ரிக்வெஸ்ட்டுக்குள் எத்தனை கமிட் இருந்தாலும் அதை அமுக்கினால் ஒன்றாகிவிடும். பாடுபட்டுப் பிரித்த நான்கும் மறுபடி ஒரே மூட்டை. அப்படிப்பட்ட குழுவில் நான்கு கமிட் போதாது, நான்கு புல் ரிக்வெஸ்ட் வேண்டும். ரிவியூவர் "தனித்தனியா அனுப்புங்க" என்று சொல்லும்போது இதில் எது என்று கேட்டுக்கொள்வதில் தவறே இல்லை.

பிரிப்பதிலும் அளவு மீறலாம். `calc` என்ற பெயரை மாற்றும்போது, ஃபைலுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கமிட் போட்டால், முதலாவது முடிந்த நிலையில் பெயர் ஓரிடத்தில் மட்டும் மாறியிருக்கும், மென்பொருள் ஓடாது. பாதி பாதியாகத் தேடும் `git bisect` அப்படிப்பட்ட நிலையில் வந்து நின்றால் சோதிக்கவே முடியாமல் போகும். பெயர் மாற்றம் 200 ஃபைல்களைத் தொட்டாலும் அது ஒரே வேலை, ஒரே கமிட்டாகத்தான் இருக்க வேண்டும். அதே சமயம் ஒரே ஃபைலில் பத்து வரி மாறியிருந்தாலும் அதில் இரண்டு வேலை இருந்தால் பிரிக்கத்தான் வேண்டும். வரி எண்ணிக்கை ஓர் எச்சரிக்கை மணி, அவ்வளவுதான். இதைத் தனியாகத் திருப்பிப் போட வேண்டிய நாள் வருமா என்று கேட்டுப் பார்த்தால் எங்கே வெட்டுவது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

புதியவர்களுக்குப் பழக்கமாக வேண்டியது சிறியது. `git add .` என்பதற்குப் பதில் ஃபைல் பெயரைச் சொல்லிச் சேர்ப்பது, கமிட் செய்யும் முன் `git diff --staged` போட்டு, போகப்போவதைத் தானே ஒருமுறை படிப்பது. நடுவில் வேறொரு அசிங்கம் கண்ணில் பட்டால் அதை ஒரு தாளில் குறித்து வைத்துவிட்டு, எடுத்த வேலையை முதலில் முடிப்பது. அந்த அசிங்கத்தைச் சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணம், அதை அணைத்துவிடக் கூடாது.

ரிவியூ செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். "ரொம்பப் பெருசு, பிரிச்சு அனுப்பு" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகாதீர்கள். எத்தனை வேலை கலந்திருக்கிறது, எது முதலில் வர வேண்டும், எந்த வரி உங்களை உறுத்துகிறது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். சரியாக இருப்பதைச் சரி என்றும் எழுதுங்கள். முதல் தடவையாவது பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சேர்ந்து பிரித்துக் காட்டுங்கள்.